ஆட்டோகோரிலேஷனில் தெரியும் தட்டு, பவர் ஸ்பெக்ட்ரமில் ஏன் தெரியவில்லை?

மின்மினி

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஒரு மோட்டாரின் மேல் ஒட்டிய அதிர்வு சென்சாரின் பதிவை ஆராய வேண்டியிருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று சீரான இடைவெளியில் தட்டுகிறது என்று சந்தேகம். அதில் கை வைப்பதற்கு முன் பழகிக்கொள்ள நானே ஒரு செயற்கைச் சிக்னல் செய்தேன். நொடிக்கு 1000 சாம்பிள், 10 நொடி, ஆக 10,000 புள்ளிகள். 250 சாம்பிளுக்கு ஒருமுறை ஒரு தட்டு: 2 சாம்பிள் அகலம், 2.5 உயரம். அதன்மேல் திட்டவிலக்கம் 1 உள்ள வெள்ளை இரைச்சல். இரைச்சலே அங்கங்கே 3.5க்கு மேல் எகிறுவதால், தட்டு எங்கே இருக்கிறதென்று போட்ட எனக்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆட்டோகோரிலேஷன் போட்டதும் 250, 500, 750 என்று முள் முள்ளாக நிற்கிறது. அதே சிக்னலுக்கு பவர் ஸ்பெக்ட்ரம் போட்டால் 4 ஹெர்ட்ஸில் ஒரு கோடு வரும் என்று எதிர்பார்த்தேன். அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சில இடங்களில் உயரமான முட்கள் இருக்கின்றன, ஆனால் எது தட்டு, எது இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை.

ஒன்றை ஃபூரியர் மாற்றம் செய்தால் மற்றொன்று வரும் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் இரண்டிலும் இருப்பது ஒரே தகவல். பிறகு ஒன்றில் தெரிவது மற்றதில் ஏன் மறைகிறது?

இன்னொரு கேள்வி. என் ஆட்டோகோரிலேஷனில் 9750லும் 250இல் இருக்கும் அதே உயரத்துக்கு முள் இருக்கிறது. 9.75 நொடிக்கு ஒரு சுழற்சியும் இருக்கிறதா?

---

பகடை

இதற்கு எளிய வழி உண்டு. இரைச்சல் தனக்குத் தானே ஒத்துப்போகாது, அதனால் ஆட்டோகோரிலேஷனில் அது லேக் 0இல் மட்டும்தான் இருக்கும். ஆகவே முதலில் ஆட்டோகோரிலேஷன் எடுங்கள், `r[0]` ஐ பூஜ்யமாக்குங்கள், அதற்கப்புறம் எஃப்எஃப்டி போடுங்கள். இரைச்சல் போய்விடும், கோடுகள் மட்டும் மிஞ்சும்.

---

அலைவரிசை

பகடை சொன்னதில் முதல் பாதி சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மின்மினியின் முதன்மையான கேள்வி. அதுதான் இந்த ஜோடியின் உயிர்நாடி.

இரண்டிலும் ஒரே தகவல்தான். ஆனால் அது எங்கே குவிகிறது, எங்கே சிதறுகிறது என்பது வேறு. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம்.

தட்டின் சராசரித் திறன்: 2.5இன் வர்க்கம் 6.25, அது 250 சாம்பிளில் 2 சாம்பிளுக்கு மட்டும் இருக்கிறது. ஆக 0.05. இரைச்சலின் திறன் 1. இருபதில் ஒரு பங்கு.

இந்த 0.05 ஸ்பெக்ட்ரமில் எப்படிப் போய் உட்காருகிறது? 4 ஹெர்ட்ஸின் மடங்குகளில்: 4, 8, 12 என்று 500 வரை. தட்டு மிகக் குறுகியது என்பதால் அதன் திறன் அந்த 125 கோடுகளுக்கும் பங்கு பிரிகிறது. இரைச்சலின் சராசரி மட்டம் 1 வரும்படி அளவிட்டால், தொடக்கத்தில் இருக்கும் கோடு ஒவ்வொன்றின் பங்கும் 4தான். மேலே போகப்போக அதுவும் தேய்கிறது. ஆனால் வெறும் இரைச்சலின் ஸ்பெக்ட்ரமும் தட்டையாக இருக்காது, ஒவ்வொரு புள்ளியும் தன் சராசரி அளவுக்கே மேலும் கீழும் ஆடும். 5000 புள்ளிகளில் மிக உயரமானது சாதாரணமாகவே 8, 9 வரை போகும். 4 உயரக் கோட்டை அந்தக் கூட்டத்தில் எங்கே தேடுவது? சில கோடுகள் இரைச்சலோடு சேர்ந்து 10ஐத் தாண்டியிருக்கும், நீங்கள் பார்த்த முட்களில் சில அவைதான். எவை தாண்டும் என்பது அதிர்ஷ்டம்.

இப்போது ஆட்டோகோரிலேஷன். லேக் 250இல் அதன் மதிப்பு என்ன? ஸ்பெக்ட்ரமை எடுத்து, அதன்மேல் ஒரு கொசைன் அலையைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான். ஃபூரியர் ஜோடி என்பதற்குப் பொருள் இவ்வளவுதான். லேக் 250 என்றால் 0.25 நொடி. அந்தக் கொசைன், அதிர்வெண் அச்சில் 0, 4, 8, 12 ஹெர்ட்ஸில் உச்சம் தொடும், நடுவில் 2, 6, 10இல் கீழே போகும். உங்கள் 125 கோடுகளும் சரியாக அதன் உச்சிகளில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் முழு எடையோடு கூட்டலில் சேர்கிறது. இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பதால் பாதி கூட்டலிலும் பாதி கழித்தலிலும் போய் ஏறத்தாழ அடித்துக்கொண்டு போகிறது. மிஞ்சுவது 0.05, அதன் மேல் 0.01 அளவுக்கு ஆட்டம். அந்த 0.01, 10,000இன் வர்க்கமூலத்தில் ஒன்று. ஐந்து மடங்கு உயர்ந்து நிற்பதால் கண்ணில் படுகிறது.

லேக் 125 போட்டுப் பாருங்கள். கொசைனின் உச்சிகள் இப்போது 8 ஹெர்ட்ஸுக்கு ஒன்று. 8, 16, 24 கூட்டலில் போகும், 4, 12, 20 முழு எடையோடு கழித்தலில் போகும். ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் அங்கே முள் இல்லை.

லேக் 0இல் கொசைன் எங்கும் 1. எல்லா இரைச்சலும் அப்படியே கூடுகிறது, ஆகவே 1.05. பகடை சொன்ன "இரைச்சல் லேக் 0இல் குவியும்" என்பது இதுதான்.

---

தம்பூரா

அப்படியானால் ஆட்டோகோரிலேஷன்தான் எப்போதும் மேல் என்று சொல்லலாமா? நான் சுருதி கண்டுபிடிக்கும் நிரல் எழுதும்போது எஃப்எஃப்டிதான் எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

---

அலைவரிசை

இல்லை, தம்பூரா. உங்கள் அனுபவமும் சரிதான். அதே 0.05 திறனை ஒரே ஒரு சைன் அலையாகப் போடுங்கள், வீச்சு 0.316. ஸ்பெக்ட்ரமில் அது ஒரே புள்ளியில் 250 உயரத்துக்கு எழும். 4 எங்கே, 250 எங்கே. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆட்டோகோரிலேஷனிலோ அது 0.05 வீச்சில் எல்லா லேக்கிலும் நீண்டு கிடக்கும் ஒரு மெல்லிய அலை. அதுவும் தெரியும், ஆனால் அந்த அளவுக்கு முகத்தில் அறையாது.

ஓர் அச்சில் குவிவது மற்ற அச்சில் பரவும். சுத்தமான ஸ்வரத்துக்கு ஸ்பெக்ட்ரம், கூர்மையான தட்டுக்கு ஆட்டோகோரிலேஷன். நடுவில் இருப்பவற்றுக்கு இரண்டையும் வரைந்து பார்ப்பேன்.

---

தம்பூரா

புரிந்தது. இன்னொன்று ஞாபகம் வருகிறது. 600, 800, 1000 ஹெர்ட்ஸ் மூன்றை மட்டும் சேர்த்து ஒலிக்கவிட்டால் காதுக்கு 200 ஹெர்ட்ஸ் சுருதி கேட்கும். ஸ்பெக்ட்ரமில் 200இல் ஒன்றுமே இருக்காது. என் நிரல் அங்கே 600 என்று சொல்லி ஏமாந்தது. ஆட்டோகோரிலேஷன் 5 மில்லி நொடியில் உச்சம் காட்டியது. நீங்கள் சொன்ன கொசைனை வைத்துப் பார்த்தால், 5 மில்லி நொடிக் கொசைனின் உச்சிகள் 200இன் மடங்குகளில். மூன்றும் உச்சியில் உட்கார்ந்துவிடுகின்றன, 200இல் எதுவும் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சரிதானே?

ஆனால் 10 மில்லி நொடியிலும் அதே உயரம் வந்து, சில நேரம் நிரல் 100 ஹெர்ட்ஸ் என்று ஒரு ஸ்தாயி கீழே சொல்லிவிடும்.

---

அலைவரிசை

மிகச் சரி. 10 மில்லி நொடிக் கொசைனுக்கு 100இன் மடங்குகள் எல்லாமே உச்சி, அதில் 600, 800, 1000மும் அடக்கம். அதனால் உயரமான முள்ளை எடுக்காமல், போதிய உயரமுள்ள முதல் முள்ளை எடுப்பதே வழக்கம். "போதிய" என்பது எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள்.

இப்போது பகடையின் யோசனை. பதிவு முடிவில்லாமல் நீண்டிருந்தால் இரைச்சல் லேக் 0இல் மட்டும்தான் நிற்கும். 10,000 புள்ளிகளே கையில் இருக்கும்போது எல்லா லேக்கிலும் அந்த 0.01 ஆட்டம் மிச்சமிருக்கும். `r[0]` ஐ பூஜ்யமாக்கி எஃப்எஃப்டி போட்டால் என்ன ஆகும் தெரியுமா? லேக் 0இல் இருக்கும் ஓர் எண், மாற்றத்துக்குப் பிறகு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு. ஆக ஸ்பெக்ட்ரம் முழுவதும் 1.05 கீழே இறங்கும், அவ்வளவுதான். முட்களின் வடிவம் ஒரு துளியும் மாறாது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் திறன் எதிர்மறையாகக்கூடப் போகும்.

---

பகடை

செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே முழுப் படமும் கீழே இறங்கி நின்றது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆட்டோகோரிலேஷன் வழியாகப் போய் ஸ்பெக்ட்ரமை வழுவழுப்பாக்குவார்கள் என்று எங்கோ படித்தது நிச்சயம். அது என்ன?

---

பழைய ஆஸிலோஸ்கோப்

அது 1958இல் பிளாக்மனும் டூக்கியும் விளக்கிய முறை, தம்பி. அவர்கள் லேக் 0ஐத் தொடவில்லை, நீண்ட லேக்குகளை வெட்டினார்கள். முதல் 500 லேக்கை மட்டும் மெல்ல மங்கும் ஒரு சாளரத்தோடு வைத்துக்கொண்டு எஃப்எஃப்டி போட்டால் ஸ்பெக்ட்ரமின் ஆட்டம் நன்றாகக் குறையும். ஆனால் அரை நொடிக்கு மேலான தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டதால் அருகருகே உள்ள கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்மினியின் கோடுகள் 4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் 500 லேக் விளிம்பில் தாங்கும், 200 லேக்கில் வெட்டினால் 250இல் இருக்கும் முள்ளே போய்விடும்.

இந்த ஆட்டம் வெகு நாள் தொல்லை. 1898இல் ஷூஸ்டர் பீரியடோகிராம் என்று பெயர் வைத்தார். பதிவை எவ்வளவு நீட்டினாலும் ஒவ்வொரு புள்ளியின் ஆட்டமும் குறையாது, புள்ளிகள்தான் நெருங்கும். முடிவில்லாத இரைச்சலுக்கு வழக்கமான பொருளில் ஃபூரியர் மாற்றமே கிடையாது, அது எங்கும் அடங்குவதில்லை. ஆனால் அதன் ஆட்டோகோரிலேஷன் ஒழுங்காக ஒரு மதிப்புக்கு வந்து நிற்கும். அதை ஃபூரியர் மாற்றம் செய்து, இதுதான் ஸ்பெக்ட்ரம் என்று சொல்லலாம் என்பதை நார்பர்ட் வீனர் 1930லும் கின்ச்சின் 1934லும் நிலைநாட்டினார்கள். ஐன்ஸ்டைன் 1914இலேயே ஒரு சிறு குறிப்பில் இதைத் தொட்டிருக்கிறார். நம் கையில் உள்ள 10,000 புள்ளிகளுக்கு இது வெறும் இயற்கணிதம், அவர்களுக்கு அது பெரிய தாண்டல்.

மின்மினி, உங்கள் 9750ஐ யாரும் கவனிக்கவில்லை. எஃப்எஃப்டி வழியாகத்தானே ஆட்டோகோரிலேஷன் எடுத்தீர்கள்? பூஜ்யங்களைச் சேர்த்தீர்களா?

---

மின்மினி

ஆமாம், எஃப்எஃப்டி எடுத்து, வர்க்கித்து, திரும்ப எதிர்மாற்றம். பூஜ்யம் எதுவும் சேர்க்கவில்லை.

---

பழைய ஆஸிலோஸ்கோப்

அதுதான் காரணம். எஃப்எஃப்டிக்கு உங்கள் பதிவு ஒரு வளையம். கடைசிச் சாம்பிளுக்கு அடுத்து முதல் சாம்பிள் வருகிறதென்று அது நினைத்துக்கொள்ளும். வளையத்தில் 250 முன்னே போவதும் 9750 பின்னே போவதும் ஒரே இடம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: படத்தின் வலப்பாதி இடப்பாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் வளைய ஆட்டோகோரிலேஷன். அதே நீளத்துக்குப் பூஜ்யங்களைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

```python
import numpy as np
x = x - x.mean()
N = len(x)
X = np.fft.rfft(x, 2*N)
r = np.fft.irfft(np.abs(X)**2)[:N] / N
```

சராசரியைக் கழிக்கும் வரியை விட்டுவிடாதீர்கள். சென்சாரில் 1 வோல்ட் நிலையான மட்டம் இருந்தாலே லேக் 0இலிருந்து N வரை ஒரு பெரிய முக்கோணம் எழும்பும், 0.05 முள் அதன் சரிவில் காணாமல் போகும்.

கடைசியில் N ஆல் வகுத்திருக்கிறேன். `N-k` ஆல் வகுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முட்கள் ஒரே உயரத்தில் நிற்கும், ஆனால் பதிவின் கடைசி லேக்குகளில் நாலைந்து பெருக்கலின் சராசரிதான் இருக்கும், படத்தின் வால் பேயாட்டம் ஆடும். நான் N ஆல் வகுத்துவிட்டு, முதல் கால்பங்கு லேக்குகளைத்தான் நம்புவேன்.

---

ஒலிப்பேழை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தாத்தாவின் பேச்சு பழைய கேசட்டில் இருக்கிறது, நிறைய இரைச்சல். இந்த முறையில் இரைச்சலை எடுத்துவிட்டு அவர் குரலை மட்டும் திரும்பப் பெற முடியுமா? ஆட்டோகோரிலேஷனில் இரைச்சல் ஒரே இடத்தில் ஒதுங்கிவிடுகிறது என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது.

---

அலைவரிசை

முடியாது, ஒலிப்பேழை. வர்க்கிக்கும் அந்த ஒரே வரியில் ஃபேஸ் எல்லாம் போய்விடுகிறது. எந்த அதிர்வெண் எவ்வளவு இருந்தது என்பது மிஞ்சும், எப்போது வந்தது என்பது மிஞ்சாது. ஒரு பேச்சை முன்னிருந்து பின்னாக ஓட்டினாலும் பின்னிருந்து முன்னாக ஓட்டினாலும் ஆட்டோகோரிலேஷன் ஒன்றேதான். அதிலிருந்து சொற்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. உங்களுக்கு வேண்டியது இரைச்சல் குறைப்பு, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். கேசட்டை முதலில் நல்ல பிளேயரில் ஒருமுறை முழுதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்மினிக்கு மட்டும் ஒரு வழி உண்டு, ஏனென்றால் அவர் சிக்னல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டோகோரிலேஷன் 250 என்ற எண்ணைத் தந்துவிட்டது. இனி மூலப் பதிவுக்குத் திரும்பி, 250 சாம்பிள் கொண்ட 40 துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கலாம். இரைச்சல் 1இலிருந்து 0.16க்கு இறங்கும், தட்டு 2.5இலேயே நிற்கும். தட்டின் உருவமே கண்ணுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான இடைவெளி 250.2 என்று வையுங்கள். 40ஆவது துண்டுக்குள் 8 சாம்பிள் நழுவியிருக்கும். 2 சாம்பிள் அகலத் தட்டு 8 சாம்பிளுக்கு மெழுகிப் போய், உயரம் 0.6க்கு விழும். அதனால் முதல் முள்ளை வைத்து இடைவெளியை முடிவு செய்யாதீர்கள். பத்தாவது முள்ளைப் பாருங்கள். 2500இல் இல்லாமல் 2502இல் இருந்தால் இடைவெளி 250.2.

---

வடிகட்டி

நான் ஒருமுறை ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், மின்மினிக்கு உதவும். ஒரு பதிவில் 11 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ இருப்பதாகப் பட்டது. இரைச்சலைக் குறைக்கலாமே என்று 10 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் ஃபில்டரில் போட்டுவிட்டு ஆட்டோகோரிலேஷன் எடுத்தேன். 91 மில்லி நொடிக்கு ஒன்றாக அழகான அலை. சுழற்சி கிடைத்துவிட்டது என்று அறிக்கையே எழுதி அனுப்பிவிட்டேன்.

பிறகு கணினியில் வெறும் இரைச்சலை உருவாக்கி அதே ஃபில்டரில் போட்டேன். அதே அலை. ஃபில்டர் விட்டதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அலை அடங்குகிறதா என்று. 2 ஹெர்ட்ஸ் அகலப் பட்டையில் வந்த இரைச்சல் அரை நொடிக்குள் அடங்கிவிடும். உண்மையான சுழற்சி லேக் எவ்வளவு நீண்டாலும் நிற்கும். ஸ்பெக்ட்ரமிலும் இதே வேறுபாடு உண்டு. பதிவை இரட்டித்தால் உண்மையான கோடு உயர்ந்து மெலியும், ஃபில்டரின் மேடு அதே அகலத்தில் இருக்கும்.

---

மின்மினி

எல்லாருக்கும் நன்றி. பூஜ்யம் சேர்த்ததும் 9750 மறைந்தது. அடுக்கிச் சராசரி எடுத்ததில் 2 சாம்பிள் அகலத் தட்டு பளிச்சென்று வந்தது.

துணிந்து உண்மையான பதிவில் போட்டேன். ஃபில்டர் எதுவும் போடவில்லை. 238இல் கூர்மையான முள், 476இல் இன்னொன்று, சற்றுக் குட்டை. மூன்றாவது இன்னும் குட்டையாக, அகலமாக. ஐந்தாவதைக் காணவே இல்லை. வடிகட்டி சொல்வதை வைத்துப் பார்த்தால், அடங்குகிறது, ஆகவே இது சுழற்சி இல்லை என்று அர்த்தமா?

---

வடிகட்டி

என் பார்வையில் ஆமாம். ஏதோ ஒரு ஒத்ததிர்வு 238 சாம்பிளைப் போலக் காட்டுகிறது.

---

பழைய ஆஸிலோஸ்கோப்

அவசரப்பட வேண்டாம். ஒத்ததிர்வாக இருந்தால் 238க்கு முன்பாகவே ஏறி இறங்கும் அலையாகத் தெரிந்திருக்கும். நடுவில் வெறுமையாக இருந்து திடீரென்று கூர்மையான முள் வருகிறதென்றால் அது தட்டுதான். இடைவெளி துல்லியமாக இல்லை என்றே நினைக்கிறேன். பேரிங்கில் உருளைகள் லேசாக வழுக்கும். ஒவ்வொரு இடைவெளியும் ஒன்றிரண்டு சாம்பிள் முன்பின்னாகி, அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போனால், ஒவ்வொரு முள்ளும் முந்தையதைவிட அகலமாகிக் குட்டையாகும். நீங்கள் வர்ணித்தது அதேதான்.

---

அலைவரிசை

மோட்டாரின் வேகமே 10 நொடியில் மெல்ல மாறியிருந்தாலும் இப்படித்தான் தெரியும். இரண்டையும் பிரிக்க, பதிவை இரண்டு ஐந்து நொடித் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே போடுங்கள். ஒன்றில் 236, மற்றதில் 240 என்று வந்தால் வேகம் நகர்ந்திருக்கிறது. இரண்டிலும் 238ஏ வந்து, அதே போல அடங்கினால், பெரியவர் சொன்ன வழுக்கல் பக்கம் சாய்வேன். ஸ்பெக்ட்ரமையும் பாருங்கள். வழுக்கலாக இருந்தால் தொடக்கக் கோடுகள் தப்பிக்கும், மேல் மடங்குகள் கரைந்து தரையோடு போயிருக்கும். முள் அகலமாவதும் மேல் மடங்குகள் கரைவதும் ஒன்றின் இரண்டு முகங்கள்.

மோட்டார் தண்டின் சுழற்சியை எண்ணும் சென்சார் ஏதும் உண்டா? இருந்தால் நேரத்துக்குப் பதில் தண்டின் கோணத்தை வைத்துச் சாம்பிள்களை மறுபடி எடுக்கலாம். வேக மாற்றம் அதோடு ஒழியும். வழுக்கல் மட்டும் மிஞ்சும்.

---

மின்மினி

சுழற்சி எண்ணும் சென்சார் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன். வெட்டிப் பார்த்ததில் முதல் பாதியில் 237, இரண்டாம் பாதியில் 239. இரண்டிலுமே நான்காவது முள் தாண்டி எதுவும் தெரியவில்லை.

---

பழைய ஆஸிலோஸ்கோப்

அப்படியானால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது போல. 2 சாம்பிள் நகர்வு மட்டும் அதை விளக்காது. ஐந்து நொடிக்குள் இடைவெளி 2 சாம்பிள் நகர்ந்தால் ஐந்தாவது முள் பத்து சாம்பிள் பரவும், அதில் குட்டையாகுமே தவிர அடியோடு போய்விடாது. ஆனால் ஐந்து நொடியில் இரைச்சல் ஆட்டமும் 0.014க்கு ஏறியிருக்கும், குட்டை முள் அதில் மூழ்கவும் செய்யும். ஒரு நிமிடப் பதிவு எடுக்க முடியுமா?

---

வடிகட்டி

நீண்ட பதிவு என்றால் வேக நகர்வும் கூடுமே ஐயா. ஒரு நிமிடத்தை 5 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் ஆட்டோகோரிலேஷனையும் எடுத்து, முதல் முள் ஒரே இடத்துக்கு வரும்படி லேக் அச்சை நீட்டிச் சுருக்கிவிட்டுச் சராசரி எடுத்தால்?

---

அலைவரிசை

செய்யலாம். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் முதல் முள் தானாகவே தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத துண்டில் இரைச்சலின் ஏதோ ஓர் உச்சியைப் பிடித்து 238க்கு இழுத்துவந்து வைத்துவிடுவோம், சராசரியில் இல்லாத முள் முளைத்துவிடும். தட்டே இல்லாத வெறும் இரைச்சலையும் அதே நிரலில் ஓட்டி ஒப்பிடாமல் அதை நம்பமாட்டேன்.

---

மின்மினி

நாளை மறுநாள் மோட்டார் ஓடும், ஒரு நிமிடம் பதிவு செய்கிறேன். வெறும் இரைச்சலையும் கூடவே ஓட்டி இரண்டு படத்தையும் இங்கே போடுகிறேன்.